சார்ஜில் போட்டால் கரகரத்து அணையும் ப்ளூடூத் ஸ்பீக்கர்: கேபிளா, பேட்டரியா, போர்டா?

சார்ஜரைச் செருகிவிட்டுப் பாட்டுப் போட்டால் கரகரவென்று இழுக்கிறது, உறுமி அடிக்கிற இடம் வந்ததும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது, திரும்ப ஆன் செய்தால் அதே கதை. இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் செய்வது கேபிள் மாற்றுவது. அதில் சரியாகவில்லை என்றால் நேராக "போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற பேட்டரியை யாரும் சந்தேகப்படுவதில்லை, சார்ஜர்தான் போட்டிருக்கிறோமே, பேட்டரிக்கு அங்கே என்ன வேலை என்கிற நினைப்பு.

அந்த நினைப்பில்தான் கோளாறு. விலை குறைந்த சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றில், சார்ஜர் செருகியிருந்தாலும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போவது பேட்டரி இருக்கும் லைனிலிருந்துதான். உள்ளே வருகிற 5 வோல்ட்டைச் சார்ஜிங் ஐசி வாங்கி, 4.2 வோல்ட் வரைக்கும் பேட்டரிக்கு ஏற்றுகிறது. அந்த ஐசி கொடுப்பது அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை இருக்கும், அவ்வளவுதான். சத்தத்தை முழுக்க வைத்து பேஸ் இடிக்கிற நொடியில் ஆம்ப்ளிஃபயர் அதைவிட அதிகமாகக் கேட்கும். மிச்சத்தைப் பேட்டரி கொடுக்க வேண்டும். பேட்டரி கிழடு தட்டியிருந்தால் அந்த நொடியில் வோல்ட் சரிந்து, முதலில் சத்தம் உடையும், இன்னும் சரிந்தால் ப்ளூடூத் சிப் ரீசெட் ஆகிவிடும் அல்லது பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்துவிடும்.

ஆக, நாம் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அணைகிற நேரத்தில் எந்த இடத்தின் வோல்ட் முதலில் விழுகிறது?

முதலில் ஸ்க்ரூடிரைவர் எடுக்காமல்

நன்றாகச் சார்ஜ் ஏற்றுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, எந்தப் பாட்டில் எந்தச் சத்த அளவில் அணைந்ததோ அதே பாட்டை அதே அளவில் போடுங்கள். கேபிள் இல்லாமலும் கரகரத்து அணைந்தால் கேபிள், அடாப்டர் இரண்டையும் விட்டுவிடலாம், கோளாறு உள்ளே இருக்கிறது. கேபிள் இல்லாதபோது சுத்தமாகப் பாடி, செருகினால் மட்டும் கரகரத்தால் கேபிள், அடாப்டர், ஸ்பீக்கரில் கேபிள் செருகுகிற சார்ஜிங் பின் இந்த மூன்றில் ஒன்று என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அடாப்டருக்குப் பதிலாகப் பவர் பேங்கில் செருகிப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் அடாப்டரிலிருந்து வருகிற இரைச்சல்தான் காரணம், அடாப்டரை மாற்றினால் வேலை முடிந்தது. பிறகு கேபிளை ஸ்பீக்கர் பக்கம் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது சார்ஜ் விளக்கு மினுக்கினால், வேறு கேபிளைப் போட்டு அதே மாதிரி அசையுங்கள். இரண்டிலும் மினுக்கினால் பின் ஆடுகிறது. பின் ஆடினால் ஸ்பீக்கருக்குச் சார்ஜர் செருகிக் கழற்றியது போலவே தெரியும், சில மாடல்கள் ஒவ்வொரு தடவையும் ரீசெட் ஆகும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். டைப் சி பின் உள்ள மலிவான ஸ்பீக்கர் சில, இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது. அது பழுது இல்லை, பின்னில் வைக்க வேண்டிய இரண்டு ரெசிஸ்டரைக் கம்பெனிக்காரன் மிச்சம் பிடித்திருக்கிறான். அடாப்டர் பக்கம் பழைய அகல யூஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டால் ஏறும்.

திறந்து அளப்பது

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில் உள்ள ரப்பர் பாதத்துக்குக் கீழேயோ, முன்பக்க வலைக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். திறந்ததும் முதல் பார்வை பேட்டரி மேல் இருக்கட்டும். உப்பியிருந்தால், உறை கிழிந்திருந்தால், இனிப்பான ஒரு கெமிக்கல் வாடை அடித்தால் அளப்பது, சார்ஜ் போடுவது எதுவும் வேண்டாம். கேபிளைக் கழற்றி, தீப்பிடிக்கிற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். உப்பிய செல்லை அழுத்துவதும் குத்துவதும் கூடவே கூடாது.

இரண்டு இடத்தில் அளக்கப்போகிறோம். ஒன்று, பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் போர்டில் வந்து ஒட்டுகிற இடம். இன்னொன்று, கேபிள் வழியாக வந்த 5 வோல்ட். பின்னின் கால்கள் ரொம்ப நெருக்கமாக இருப்பதால் மீட்டர் முனையை அங்கே வைத்தால் சறுக்கி ஷார்ட் ஆகிவிடும். அதற்குப் பதில் கறுப்பு முனையைப் பின்னின் உலோக உறையில் வைத்து, சிவப்பு முனையால் பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டர், டயோடு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். கேபிளைச் செருகினால் 5க்குப் பக்கமும், கழற்றினால் மெல்ல இறங்கி 0க்குப் பக்கமும் காட்டுகிற முனைதான் நமக்கு வேண்டியது. கடையில் கிடைக்கிற யூஎஸ்பி மீட்டரை அடாப்டரில் செருகிப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். அது கேபிளுக்கு முந்தின வோல்ட்டைத்தான் காட்டும். மெல்லிய கேபிளில் தொலைகிற வோல்ட் அதில் தெரியவே தெரியாது.

மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். உறுமி ஒரு அடி அடித்து முடிப்பதற்குள் வோல்ட் விழுந்து எழுந்திருக்கும், மீட்டர் அதைத் தவறவிடும். அதனால் பாட்டுக்குப் பதிலாகப் போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 100 ஹெர்ட்ஸில் ஒரே சீரான சத்தத்தைச் சில நொடிகள் மட்டும் ஓட விடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எண்ணைப் பாருங்கள். ரொம்ப நேரம் ஓட்டினால் ஸ்பீக்கரின் காயில் சூடேறும்.

உசிலம்பட்டி டீக்கடை ஸ்பீக்கர்

ஒரு கேஸைப் பார்த்துவிடுவோம். உசிலம்பட்டியில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவரின் ஸ்பீக்கர். காலையிலிருந்து ராத்திரி வரை சார்ஜிலேயே கிடந்து பாடும், அதுவும் பாய்லருக்குப் பக்கத்துத் தட்டில். "கேபிள் ரெண்டு மாத்திட்டேன் தம்பி, போர்டுதான் போயிருக்கும், பாத்து ஒரு போர்டு போட்டுக் குடு" என்றார்.

கேபிள் இல்லாமல் போட்டதும் அணைந்தது. சார்ஜ் விளக்கு வேறு ரொம்பச் சீக்கிரம் முழுசு என்று காட்டியது. இந்த இரண்டும் சேர்ந்தாலே பேட்டரி மேல் சந்தேகம் வந்துவிட வேண்டும். இருந்தாலும் அளந்தோம். கேபிள் செருகி, பாட்டு இல்லாமல்: கேபிள் பக்கம் 4.96, பேட்டரி 4.15. டோனை ஏற்ற ஏற்றக் கேபிள் பக்கம் 4.85க்குக் கீழே போகவில்லை. பேட்டரி மட்டும் 3.9, 3.6 என்று சரிந்து, 3.2 வந்ததும் கரகரப்பு ஆரம்பித்தது. இன்னும் ஒரு படி ஏற்றியதும் அணைந்தது. அணைந்த அடுத்த நொடியே பேட்டரி 4.1 காட்டியது. சும்மா இருக்கும்போது அளந்தால் நல்ல பேட்டரி, வேலை கொடுத்தால் படுத்துவிடுகிறது. சார்ஜ் முழுதாக ஏறிய நிலையிலேயே, வெயிலோடு பாய்லர் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் கிடந்தால் லித்தியம் செல்லின் உள் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். சும்மா அளந்து "4.1 இருக்கு, பேட்டரி நல்லாருக்கு" என்று மூடிவைத்தால் பிறகு போர்டுக்குத்தான் வீண் செலவு.

ஆனால் உடனே செல்லை மாற்றிவிடாதீர்கள். மீட்டர் முனைகளை ஒயர் ஒட்டுகிற இடத்திலிருந்து செல்லின் முனைக்கு மாற்றி இன்னொரு தடவை டோன் ஓட்டுங்கள். அங்கே வோல்ட் நிலையாக நின்று, போர்டு பக்கம் மட்டும் விழுந்தால் செல் நல்லது, நடுவில் உள்ள ஒயர், கனெக்டர், பாதுகாப்புச் சர்க்யூட் ஏதோ ஒன்று தடுக்கிறது. கனெக்டரில் பச்சை பிடித்திருப்பதை நிறையப் பார்க்கலாம். டீக்கடை ஸ்பீக்கரில் செல்லிலேயே சரிந்தது.

செல் மாற்றும்போது

பழையது உருளை வடிவ 18650 செல்லாக இருந்தால், முனைகளில் உலோக ஸ்ட்ரிப் ஒட்டி, பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வருகிற 3.7 வோல்ட் செல்லாகக் கேட்டு வாங்குங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். உறையில் அச்சடித்திருக்கிற எம்ஏஎச் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், 18650 அளவில் 9900 என்று போட்டிருந்தால் அது பொய், அந்த உடம்பில் நிஜமாகக் கொள்வது ஏறக்குறைய 3500 வரைதான். செல்லின் மேலேயே சால்டரிங் அயர்ன் வைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கிவிடும். ஸ்ட்ரிப்பில்தான் ஒயரை ஒட்ட வேண்டும். ஒயரை ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டி, ஒட்டாத முனையில் டேப் சுற்றிவிடுங்கள். சிவப்பு ஒயர்தான் பாசிட்டிவ் என்று நம்பி ஒட்டாமல் மீட்டரில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள், கனெக்டரோடு வருகிற செல்களில் ஒயர் இடம் மாறி வருவது உண்டு. மாற்றியதும் அதே டோன், அதே சத்தம். டீக்கடை ஸ்பீக்கரில் பேட்டரி பக்கம் 3.9க்குக் கீழே போகவில்லை, கரகரப்பும் இல்லை.

மீட்டர் வேறு மாதிரி காட்டினால்

பேட்டரி நிலையாக இருந்து, கேபிள் பக்கம் 4.5க்குக் கீழே விழுந்து விழுந்து எழுந்தால் கேபிளோ பின்னோ. தடிமனான, நீளம் குறைந்த வேறு கேபிளைப் போட்டும் விழுந்தால் பின்னின் அடியில் உள்ள சால்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், காலைச் சுற்றி மெல்லிய வட்டமாக விரிசல் தெரியும். கேபிள், பேட்டரி இரண்டையும் கழற்றிவிட்டு, கொஞ்சம் ஃப்ளக்ஸ் போட்டுச் சூடுகாட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். இது பழகாத கையாலும் ஆகும்.

இரண்டு பக்கமும் நிலையாக இருக்கும்போதே கரகரத்து அணைந்தால்தான் போர்டு. பாட்டு ஓடும்போது மூங்கில் பல்குச்சியால் காயில், கெப்பாசிட்டர், ஸ்விட்ச் இவற்றை லேசாகத் தட்டுங்கள். எதைத் தட்டினால் சத்தம் மாறுகிறதோ அதன் சால்டரைத்தான் புதுப்பிக்க வேண்டும். எதிலும் மாறவில்லை, ஏதோ ஒரு ஐசி மட்டும் தொட முடியாத சூடு என்றால் முதல்முறை செய்கிறவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஐசியை எடுத்துப் போட ஹாட் ஏர் மெஷின் வேண்டும், கூலியையும் பொருளையும் கூட்டினால் சின்ன ஸ்பீக்கரில் முழுப் போர்டையே மாற்றுவது மலிவாக முடியும். சத்தம் கூட்டினால் கரகரப்பு மட்டும் வந்து, ஒருபோதும் அணைவதில்லை என்றால் போர்டையும் தொட வேண்டாம், ஸ்பீக்கரின் கோனை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள், உரசுகிற சத்தம் கேட்டால் அந்த ஸ்பீக்கர் யூனிட்தான் போயிருக்கிறது.

கழற்றிய பழைய செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். மூடும்போது ஸ்க்ரூ முனை செல்லின் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடுக்குங்கள்.