போன் வீட்டில், வாட்ச் கையில்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாமலிருக்க

எங்கள் மாடியறைக்குக் குடிவந்த தம்பி, லண்டன் ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடை கல்லாவில் காசு கொடுக்க, ஆப்பிள் வாட்ச் கட்டிய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வரிசை. "போனை வீட்லயே வெச்சுட்டேன்ணா, அதான் எடுக்கல போல" என்றான். அவன் பையிலிருந்த அரிசிக்கும் சேர்த்து நானே காசு கொடுத்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனுக்கும் அந்த நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கார்டை வாட்ச்சில் ஏற்றும்போதுதான் போன் வேண்டும். ஏற்றியபின் வாட்ச்சுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லில் ஒரு மாற்று கார்டு எண்ணும் ரகசியச் சாவியும் தங்கிவிடும். கடை இயந்திரத்தில் காட்டினால், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் குறியீட்டைச் சில்லே கணக்குப் போட்டுக் கொடுக்கும். வங்கியிடம் கேட்பது கடை இயந்திரத்தின் வேலை. வாட்ச்சுக்கு இணையம்கூட வேண்டாம்.

உள்ளே போக வாட்ச், வெளியே வர போன்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

அந்த "மாற்று கார்டு எண்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே வங்கிக் கார்டைப் போனிலும் வாட்ச்சிலும் ஏற்றினால், இரண்டுக்கும் தனித்தனி எண். பிளாஸ்டிக் கார்டில் அச்சிட்டிருப்பது மூன்றாவது எண். காசு போவது ஒரே கணக்கிலிருந்து. ஆனால் லண்டன் ரயில் கேட்டுக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள்.

ஒருநாள் காலை ஈஸ்ட் ஹாமில் வாட்ச்சைக் காட்டி உள்ளே போனேன். டவர் ஹில்லில் இறங்கியபோது ஒரு கையில் காபி. கேட்டில் கார்டு வாசிக்கும் வட்டம் வலப்பக்கம் இருக்கும், என் வாட்ச்சோ இடக்கையில். உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்பானேன் என்று பர்ஸிலிருந்த கார்டைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். கேட் மறுப்புச் சொல்லாமல் திறந்தது. அதனால்தான் தவறு தெரியவே இல்லை. மாலையில் திரும்பும்போதும் அதே கூத்து, இந்த முறை உள்ளே போக கார்டு, வெளியே வர வாட்ச்.

கணக்கைப் பாருங்கள். காலையில் உள்ளே போன வாட்ச் வெளியே வரவில்லை: அரைகுறைப் பயணம், அதற்கு அதிகபட்சக் கட்டணம். வெளியே வந்த கார்டு உள்ளே போகவே இல்லை: அதற்கும் அதிகபட்சம். மாலையிலும் இரண்டு. இரண்டு முறை ரயிலேறியதற்கு நான்கு அபராதம். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்ற தினசரி உச்சவரம்பு காப்பாற்றும் என்று நினைத்தேன். அதுவும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாகத்தான் கணக்காகிறது. அரைகுறைப் பயணம் அதற்குள் அடங்குவதுமில்லை.

வங்கிக் கணக்கில் விவரம் மறுநாள்தான் தெரிந்தது. திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், நானும் விண்ணப்பித்தேன். ஆனால் எந்த எண்ணில் எந்தப் பயணம் என்று விளக்குவதற்குள் ஒரு சனிக்கிழமை போயிற்று. இப்போது எனக்கு ஒரே விதி: ரயிலுக்கு வாட்ச் என்றால் வாட்ச் மட்டும். காபி கையில் இருந்தால் முதலில் காபியைக் கைமாற்றுவேன்.

எண்ணைப் பார்க்க வேண்டுமானால், ஐபோனில் Watch செயலியைத் திறந்து Wallet & Apple Pay பகுதியில் கார்டைத் தொடுங்கள்; அங்கே காட்டும் கடைசி இலக்கங்கள் கார்டில் இருப்பவையாக இருக்காது. கடை ரசீதிலும் அவைதான் வரும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது "கார்டைக் காட்டுங்க" என்றால், வாங்கியபோது காட்டிய வாட்ச்சையே காட்டுங்கள்.

கடவு எண்ணை மறப்பது

தம்பியின் சிக்கல் இதுதான். வாட்ச்சைக் கழற்றிய உடனே அது பூட்டிக்கொள்ளும். போன் அருகில் இருந்தால், போனைத் திறக்கும்போது வாட்ச்சும் தானே திறக்கும்படி அவன் அமைத்திருந்தான். மாதக்கணக்காக வாட்ச்சில் கடவு எண்ணே அடித்ததில்லை. சார்ஜ் போட்டுக் கட்டிக்கொண்டு போனில்லாமல் கிளம்பினால் அந்த எண்ணை அடித்தே ஆக வேண்டும். அது அவனுக்கு நினைவில் இல்லை. எண்ணே வேண்டாமென்று அணைத்துவிடலாமே என்றான். அணைத்தால் வாட்ச்சிலிருந்து கார்டுகளும் நீங்கிவிடும்.

மோதிரத்தை வாட்ச் என்று நினைப்பது

கடையில் காட்டிப் பணம் செலுத்த மட்டும் பயன்படும், சில் பதித்த சாதாரண மோதிரத்தில் பேட்டரி கிடையாது. கடை இயந்திரம் பரப்பும் காந்தப்புலத்திலிருந்தே சில்லுக்கு மின்சாரம் கிடைக்கிறது. அதனால்தான் ஓரிரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டும். பூட்டும் கிடையாது. யார் விரலில் இருந்தாலும் வேலை செய்யும். வாட்ச் உங்களைச் சரிபார்த்துவிட்டது என்று இயந்திரம் அறியும், மோதிரத்தில் அந்த உறுதி இல்லை. ஆகவே செருகாமல் காட்டும் தொடாக் கார்டில் ஒரே தடவையில் செலுத்தக்கூடிய வரம்பு அதற்கும் பொருந்தும். பிரிட்டனில் 2021 அக்டோபரில் அது 100 பவுண்டாக உயர்ந்தது. இயந்திரம் கார்டைச் செருகச் சொன்னால் மோதிரத்தைச் செருக வழியில்லை. சில மோதிரங்கள் முன்பணம் ஏற்றி வைப்பவை. மீதி எவ்வளவு என்று மோதிரம் சொல்லாது, அதைப் போனில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பேட்டரி

வாட்ச் அணைந்தால் காசில்லை. பர்ஸில் ஒரு கார்டு இருக்கட்டும்.

போன் தொலைந்தால்

போனிலுள்ள எண்ணை முடக்கினால் வாட்ச்சிலுள்ளது அப்படியே இருக்கும். வாட்ச்சும் போயிருந்தால் அதைத் தனியாக முடக்குங்கள்.