பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு: தருமபுரியில் வீட்டிலிருந்தே தொடங்கும் முறை

சமைக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் இந்தப் பதிவை எழுதுகிறேன். மிளகு, சீரகம் வறுத்து அரைத்த பத்தியக் குழம்பு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், மணத்தக்காளி வற்றல், பாசிப்பருப்புக் கடையல், நாட்டுக்கோழிச் சாறு இவையெல்லாம் உங்கள் கைக்கு வரும் என்றால் மேலே படியுங்கள். இந்தத் தொழிலில் சிக்கல் அடுப்பில் இல்லை, ஆள் பிடிப்பதிலும் தேதியிலும் கணக்கிலும்தான் இருக்கிறது.

1. யார் வாங்குவார்கள்?

கர்ப்பமான எல்லாரும் வாங்குவார்கள் என்று நினைத்து நோட்டீஸ் அடிக்காதீர்கள். நம் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். அங்கே அம்மாவும் சித்தியும் சமையலறையை விட்டு நகர மாட்டார்கள். உங்கள் கேரியருக்கு வேலை இல்லை. வாங்குவது இரண்டாவது குழந்தைக்காரி. மூத்தது பள்ளிக்குப் போவதால் அவள் புருஷன் வீட்டிலேயே இருப்பாள், அம்மா ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போய்விடுவார். அதற்கடுத்தபடி, வேலைக்காகத் தருமபுரியில் வந்து குடியிருக்கும் வெளியூர்த் தம்பதிகள். அதனால் நான் நோட்டீஸை ஸ்கேன் சென்டர் வாசலில் ஒட்டுவதில்லை, எல்.கே.ஜி. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும்.

2. பதிவு

உணவு விற்கிறோம் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். நம்மைப் போலச் சிறிய அளவில் விற்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். புகைப்படமும் அடையாள அட்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

3. மெனு பேசும் முன் டிஸ்சார்ஜ் சீட்டு

சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்ததா, ரத்த அழுத்தம் உண்டா, சிசேரியனா என்று பாருங்கள். சர்க்கரை வந்தவளுக்குக் கருப்பட்டி போட்ட பிரசவ லேகியத்தை டாக்டரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. ரத்த அழுத்தம் இருந்தால் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். சிசேரியன் என்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மாறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே நம் கேரியர் போக வேண்டும்.

அடுத்து மாமியார். பணம் கொடுப்பவர் மகன், சாப்பிடுபவள் மருமகள், மெனு சொல்பவர் மாமியார். "ஏம்மா, கத்திரிக்காய் போட்டுட்டியா? அது கரப்பான் ஆச்சே!" என்று போன் வரும். நான் வைத்திருக்கும் விதி எளிது. ஒரு காயை வேண்டாம் என்றால் வாதாடாமல் எடுத்துவிட்டு வேறு காய் வைக்கிறேன். களி வேண்டும் என்று கேட்கும் வீடும் உண்டு, குளிர்ச்சி என்று ஒதுக்கும் வீடும் உண்டு. இரண்டுக்கும் சரி என்கிறேன். ஆனால் சோற்றைக் குறை, தண்ணீர் தராதே என்றால் "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கம்மா" என்று நிறுத்திக்கொள்கிறேன். தாய்ப்பால் கொடுப்பவளுக்கு முதல் 6 மாதம் நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும், தையல் போட்டவளுக்கு அது பெரிய வேதனை.

4. விலை: இங்கே நிதானமாகப் படியுங்கள்

மதியச் சாப்பாடும் மாலைக் கஞ்சியும் சேர்த்து ஒரு தாய்க்கு நாளுக்கு 250 ரூபாய் என்று வைப்போம். பொருள் 80 ரூபாய், காஸ் 10 ரூபாய். உங்கள் சந்தை விலை வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் வடிவம் மாறாது.

இரண்டு வீடு மட்டும் என்றால் நீங்களே சமைத்து நீங்களே கொண்டுபோகலாம். வண்டிக்குப் பெட்ரோல் மொத்தம் 30 ரூபாய், வீட்டுக்கு 15. ஆக ஒரு தாய்க்கு ஆகும் செலவு 105, மிச்சம் 145. இரண்டுக்கும் சேர்த்துக் கையில் நிற்பது 290 ரூபாய்.

நான்கு வீடு ஆனதும் தனியாள் தாங்க மாட்டாள். நாளுக்கு 300 ரூபாய்க்கு ஓர் அக்காவை உதவிக்கு வைக்கிறீர்கள். கூலி வீட்டுக்கு 75, பெட்ரோல் 10. செலவு 175, மிச்சம் 75. நான்குக்கும் சேர்த்து 300 ரூபாய்தான்! வேலை இரண்டு மடங்கு, கூடுதலாகக் கிடைப்பது பத்து ரூபாய். மூன்று வீட்டுக்கு உதவியாள் வைத்தால் இதைவிட மோசம். ஐந்தாவது வீடு வந்ததும்தான் மொத்த மிச்சம் ஏறக்குறைய 450-க்கு ஏறும்.

அதனால் தொடங்குபவர்கள் இரண்டில் நில்லுங்கள், அல்லது ஐந்துக்கு ஆள் உறுதியான பின் ஒரே தாவாகத் தாவுங்கள். நடுவில் நிற்கும் மாதங்கள்தான் பலரைத் தொழிலை விட்டே ஓட வைக்கின்றன. உங்கள் சொந்தக் கூலி இந்த மிச்சத்துக்குள்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

5. தேதி

மெஸ் நடத்தினால் வாடிக்கையாளர் வருஷக்கணக்கில் வருவார். இங்கே நாற்பது நாளில் முடிந்துவிடும். அதோடு, டாக்டர் குறித்த தேதிக்குக் குழந்தை பிறப்பது அரிது. இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகும். எட்டாம் மாதமே முன்பணம் வாங்கி, குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே அந்த இடத்தைக் காலியாக வைக்கிறேன். சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு நிறத்தில் கோடு இழுத்தால், எந்த வாரம் நெரிசல், எந்த வாரம் அடுப்பு சும்மா இருக்கும் என்று பார்த்ததும் தெரியும். இதற்கு ஆப் எல்லாம் வேண்டாம்.

6. பாத்திரம்

எவர்சில்வர் மூன்றடுக்குக் கேரியர், வீட்டுக்கு இரண்டு. இன்று ஒன்று போகும், நேற்றையது திரும்பும். பிளாஸ்டிக் டப்பாவில் சூடான பூண்டுக் குழம்பை ஊற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். சமைத்து இறக்கியதும் நிரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பாலக்கோட்டிலிருந்து கேட்டாலும் நான் தருமபுரியைத் தாண்டுவதில்லை, காரணம் இதுதான். மாலைக் கஞ்சி பாலில் செய்தது என்றால் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்று மூடியில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பால் அந்தச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

பின்னர் சேர்த்தது: "குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டியையும் நாமே அனுப்பலாமா?" என்று கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். தேவை நிறைய இருக்கிறது, ஆனால் நான் கை வைக்கவில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குழந்தையின் மார்பைப் பிதுக்குவது, மூடிய அறையில் சாம்பிராணி போடுவது எல்லாம் குழந்தை டாக்டர்கள் கூடாது என்பவை. அதையெல்லாம் செய்யாத பாட்டி என்று நீங்கள் நேரில் பார்த்துத் தெரிந்தவர் இருந்தால் போன் நம்பரைக் கொடுங்கள். உங்கள் கட்டணத்தில் சேர்த்துவிட்டால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

இன்னொன்று: பாதியிலேயே தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் மீதிப் பணம் என்ன ஆகும் என்று பலர் கேட்டீர்கள். நான் பத்து நாளுக்கு ஒருமுறை பணம் வாங்குகிறேன். இரண்டு நாள் முன்னால் சொன்னால் மீதியைத் திருப்பித் தருவேன், எட்டாம் மாதம் வாங்கிய முன்பணத்தைத் தருவதில்லை. இதைப் பேசும்போதே மாமியார் எதிரில் சொல்லிவிடுங்கள், மகனிடம் மட்டும் சொன்னால் போதாது.