வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அதில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள்

சரக்கு அனுப்புபவரிடமிருந்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அடுத்த பில்லுக்கு இந்தக் கணக்கில் செலுத்துங்கள்” என்று கடிதம் வந்தால், லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பழைய பில் ஒன்று கிடைத்தால் போதும், இவை அனைத்தையும் நகலெடுத்துவிடலாம். அவர்களுடைய மின்னஞ்சலுக்குள்ளேயே திருடன் புகுந்திருந்தால், முகவரிகூட அசலாகவே இருக்கும். அதனால் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்பதும் பயன்படாது. “ஆமாம், சரிதான்” என்று திருடனே பதில் போடுவான்.

ஃபோனில்தான் கேட்க வேண்டும். எண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காமல், அவர்களோடு வியாபாரம் தொடங்கியபோது கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து எடுங்கள். பேசும்போது புதிய கணக்கு எண்ணை நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். வேலை மும்முரத்தில் எதிரில் இருப்பவர் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டே போய்விடுவார். “கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று அவரையே சொல்ல விடுங்கள். கடிதத்தில் 4471 என்றிருக்க, அவர் பழைய கணக்கின் 9038-ஐச் சொன்னாலோ, “மாற்றவே இல்லையே” என்றாலோ, பணம் தப்பியது. அப்புறம், அவர்களுடைய மின்னஞ்சலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சிறு தொகை அனுப்பிப் பார்ப்பது மட்டும் போதாது. திருடனின் கணக்கிலும் அது ஒழுங்காகவே போய்ச் சேரும்.

யாரிடம், எந்த எண்ணில், எப்போது பேசினீர்கள் என்று கோப்பில் எழுதிவைத்து, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கணக்கை மாற்றுங்கள். “இன்றைக்கே அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்தினால், இன்னும் நிதானமாகப் பாருங்கள்.