பிரிடின், பிரோல், இண்டோல்: எலக்ட்ரோபைல் எங்க போய் ஒட்டும், எவ்ளோ வேகமா ஒட்டும்?

எங்க கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துல பிஎஸ்ஸி கெமிஸ்ட்ரி படிக்கிற பசங்க நெறைய பேர் இந்த கேள்வியில 2, 3னு நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போறாங்க, எக்ஸாம்ல காரணம் கேட்டா மாட்டிக்கிறாங்க. படம் போட்டாலே விடை வந்துடும், நோட்ட எடுங்க.

முதல்ல நைட்ரஜனோட லோன் பேர் எங்க இருக்குன்னு பாருங்க. பிரோல்ல அது வளையத்துக்குள்ள சேர்ந்துடும், அஞ்சு அணுவுக்கு ஆறு பை எலக்ட்ரான், அதனால பென்சீன விட எலக்ட்ரான் அதிகம், ரியாக்‌ஷனும் ரொம்ப வேகம். பிரிடின்ல லோன் பேர் வளையத்துக்கு வெளிய நீட்டிட்டு நிக்கும், உதவிக்கு வராது, போதாக்குறைக்கு நைட்ரஜன் எலக்ட்ரான தன் பக்கம் இழுக்கும், ஆசிட் ஊத்தினா புரோட்டான வாங்கிட்டு அதுவே பிளஸ் ஆயிடும். பென்சீன் 50-60 டிகிரியில நைட்ரேட் ஆகும், பிரிடினுக்கு 300 டிகிரி வரைக்கும் போகணும், அப்பவும் கிடைக்கிறது கொஞ்சம்தான்.

அடுத்து இடம். எலக்ட்ரோபைல ஒவ்வொரு கார்பன்லயும் வெச்சு, பிளஸ் சார்ஜ் எங்கெல்லாம் போகுதுன்னு வரைங்க. பிரோல்ல 2ல வெச்சா மூணு ஸ்ட்ரக்சர் வரும், 3ல ரெண்டுதான், அதனால 2. பிரிடின்ல 2லயோ 4லயோ வெச்சா பிளஸ் நைட்ரஜன் மேலயே உக்காரும், அதுக்கு ஆறு எலக்ட்ரான்தான் மிச்சம், ரொம்ப மோசமான நிலை. 3ல வெச்சா அந்த சிக்கல் இல்ல, அதனால அங்க போகுது.

இண்டோல்லதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க, பிரோல் மாதிரியேன்னு நெனச்சு 2ன்னு எழுதிடுவாங்க. 3ல வெச்சு பாருங்க, பிளஸ் 2க்கு வரும், பக்கத்துல இருக்கிற நைட்ரஜன் லோன் பேர குடுத்து அத தாங்கிக்கும், பென்சீன் வளையம் அப்படியே முழுசா இருக்கும். 2ல வெச்சா பிளஸ் 3க்கு வரும், அங்கிருந்து நைட்ரஜன் கிட்ட போகணும்னா பென்சீன் வளையத்த உடைச்சுதான் ஆகணும். அதனால 3. லோன் பேர் ஒட்டியிருக்கிற பென்சீன் பக்கமும் கொஞ்சம் பரவுறதால இண்டோல் பிரோல விட மெதுவு, ஆனா பென்சீன விட வேகம்தான்.

இத சரிபாக்க எனக்கு ரொம்ப பிடிச்ச ரியாக்‌ஷன் வில்ஸ்மையர். டிஎம்எஃப்ல POCl3 சேர்த்தா வர்ற எலக்ட்ரோபைல் ரொம்ப பலவீனமானது. பிரோல்கிட்ட போட்டு கடைசியில காரத்தோட தண்ணி சேர்த்தா 2ல ஆல்டிஹைடு, இண்டோல்ல 3ல ஆல்டிஹைடு. பென்சீன் அசையவே அசையாது, பிரிடினும் அப்படித்தான். வேகம், இடம் ரெண்டும் ஒரே ரீஏஜென்ட்ல தெரிஞ்சுடுது.

ஒண்ணு கவனிங்க, 3-மெத்தில்இண்டோல் குடுத்தா 3ல ஏற்கனவே மெத்தில் இருக்கு, அப்போ கடைசியா கிடைக்கிறது 2ல ஒட்டின பொருள்தான்.