தொடர் போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப்: டெண்டனின் தொய்வை எங்கிருந்து அளப்பது?

தொடர் ஸ்லாப் ஒன்றை முதன்முதலாகக் கணக்கிட்டபோது, கடைசி ஸ்பேனில் டெண்டன் தாங்க வேண்டிய சுமையில் நான்கில் மூன்று பங்கைத்தான் அது தாங்கும் என்பதை, வரைபடம் வெளியே போவதற்கு முதல் நாள்தான் கண்டுகொண்டேன். பிழை சூத்திரத்தில் இல்லை. தொய்வை அளந்த இடத்தில் இருந்தது. அந்தக் கணக்கையே இங்கே திருத்தமாகச் செய்து காட்டுகிறேன்.

சுவர்களின் மேல் ஒரே திசையில் ஓடும் ஸ்லாப். 8 மீட்டர் வீதம் மூன்று ஸ்பேன்கள். தடிமன் 200 மி.மீ. ஒரு மீட்டர் அகலப் பட்டையை எடுத்துக்கொள்வோம். தன்னெடை சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன். அதில் 80 விழுக்காட்டை, அதாவது 4 கிலோநியூட்டனை, டெண்டன் மேல்நோக்கித் தள்ளிச் சமன்செய்யட்டும். தன்னெடை முழுவதையும் சமன்செய்ய முனைவதை நான் விரும்புவதில்லை. எஃகு கூடும், ஸ்லாப் மேல்நோக்கி வளையும் வாய்ப்பும் கூடும்.

அடுத்தது உயரங்கள். கவரையும் டக்டின் பாதி உயரத்தையும் கழித்தபின், டெண்டனின் மையம் அடிப்பரப்பிலிருந்து உள்சுவர்களின் மேல் 160 மி.மீ., ஸ்பேன் நடுவில் 40 மி.மீ. என வைத்தேன். இரு முனைகளிலும் ஆங்கர் ஸ்லாபின் நடுத்தடிமனில், 100 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆங்கரை வேறு உயரத்தில் வைத்தால் அங்கே ஒரு மொமெண்டையும் சேர்க்க வேண்டும் என்பதால், முடிந்தவரை நடுவிலேயே வைப்பது என் வழக்கம்.

```
w = 8·P·a / L²
```

இங்கே `w` என்பது டெண்டன் மேல்நோக்கித் தள்ளும் சுமை, `P` டெண்டனின் விசை, `L` ஸ்பேனின் நீளம், `a` தொய்வு. நான் தொய்வை 160 − 40 = 120 மி.மீ. என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் தொய்வை அளக்க வேண்டியது, அந்தந்த ஸ்பேனின் இரு முனைகளிலும் டெண்டன் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் நாணிலிருந்து. கடைசி ஸ்பேனில் அந்த நாண் நடுவில் (100 + 160)/2 = 130 மி.மீ. உயரத்தில் இருப்பதால், தொய்வு 90 மி.மீ. மட்டுமே. அதற்குத் தேவையான விசை, இழப்புகள் எல்லாம் போக, மீட்டருக்கு 4 × 64 / (8 × 0.09) = 356 கிலோநியூட்டன். 120 மி.மீ. என்று எண்ணியிருந்தால் 267 கிலோநியூட்டனே போதும் என்று தோன்றும். அந்த விசை உண்மையில் 3 கிலோநியூட்டன் சுமையைத்தான் சமன்செய்யும்.

இந்த வளைவின் மிகத் தாழ்ந்த புள்ளி ஸ்பேன் நடுவில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது முனையிலிருந்து 3.33 மீட்டரில், 37.5 மி.மீ. உயரத்தில் வருகிறது. கவரை அந்த இடத்தில்தான் சரிபார்க்க வேண்டும்.

இனி நடு ஸ்பேன். அதே 356 கிலோநியூட்டன் அங்கே 120 மி.மீ. தொய்வுடன் ஓடினால் 5.34 கிலோநியூட்டன் மேல்நோக்கித் தள்ளும். இது தன்னெடையையே மிஞ்சிவிடுகிறது. ஆகவே நடு ஸ்பேனின் தாழ்புள்ளியை 70 மி.மீ.க்கு உயர்த்தித் தொய்வை 90 ஆக்குகிறேன். இதனால் அங்கே இறுதிநிலை வலிமை சற்றுக் குறையும். நடு ஸ்பேனில் ஸ்ட்ராண்டுகளைக் குறைத்துவிட்டு, கடைசி ஸ்பேனுக்கான கூடுதல் ஸ்ட்ராண்டுகளை உள்ளே ஆங்கர் செய்வது மாற்று வழி. மூன்று ஸ்பேனுக்கு அது வீண் வேலை என்பது என் கருத்து.

12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட் ஒன்றுக்கு இழப்பு போக 108 கிலோநியூட்டன் எனக் கொண்டால், ஐந்து ஸ்ட்ராண்டுகள் கொண்ட டெண்டனை 1.5 மீட்டருக்கு ஒன்றாகப் போடலாம். சராசரி அமுக்கம் 1.78 மெகாபாஸ்கல்.

இப்போது டெண்டனை மறந்துவிட்டு, மூன்று ஸ்பேன்களிலும் 4 கிலோநியூட்டன் மேல்நோக்கிய சுமையை மட்டும் ஏற்றுங்கள். உள்சுவரில் மொமெண்ட் wL²/10 = 25.6 கிலோநியூட்டன்-மீட்டர். அதே இடத்தில் விசையையும் மைய விலகலையும் பெருக்கினால், 356 × 0.06 = 21.3. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 4.3தான் இரண்டாம்நிலை மொமெண்ட். பயன்பாட்டு நிலைக்கு 25.6 முழுவதையும் சேர்க்க வேண்டும். இறுதிநிலைச் சோதனையில் 4.3 மட்டுமே சுமைப்பக்கம் சேரும், ஏனெனில் மீதியை ஸ்ட்ராண்டின் இழுவிசையாக வலிமைப்பக்கத்தில் ஏற்கெனவே எண்ணிவிடுகிறோம். இதுவரை விரிதாளே போதும். மென்பொருளைத் திறக்கும்முன் இந்த எண்களைக் கையில் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: சுவரின் மேல் டெண்டன் கூராக மடங்காதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார், சரியான கேள்வி. நடைமுறையில் சுவரின் இருபுறமும் ஸ்பேனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 மீட்டர், எதிர்வளைவாக அமையும். அப்போது நடு ஸ்பேனில் இடைப்பட்ட 6.4 மீட்டரில் மேல்நோக்கிய சுமை 5 ஆகக் கூடும். சுவரை ஒட்டிய 0.8 மீட்டரில் 20 கிலோநியூட்டன் கீழ்நோக்கி அழுத்தும். சுவரின் மேல் மொமெண்ட் சற்றுக் குறையும். டெண்டனைத் தாங்கும் சேர்களுக்காகத் தளத்துக்கு அனுப்பும் உயரப் பட்டியலிலும் இந்த வளைவையே காட்ட வேண்டும்: நடு ஸ்பேனில் சுவரிலிருந்து 0.8 மீட்டரில் டெண்டன் மையத்தின் உயரம் 142 மி.மீ.; கூர்மடிப்புக் கணக்கு தரும் 128 அல்ல.