3.9 கோடி வசூல், ஆனாலும் நஷ்டம்: மதுரை–ராமநாதபுரம் ஏரியா கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு படம் வெளியாகி ஒரு வாரம் முடிந்ததும், "மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில் மட்டும் 3.9 கோடி" என்று ஒரு விளம்பர அட்டை நம் கைபேசிகளுக்கு வந்து சேர்கிறது. ஏரியாவை 2 கோடிக்குத்தான் விற்றார்கள் என்ற செய்தியும் கூடவே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "போட்ட பணம் இரட்டிப்பாகிவிட்டது, படம் ஹிட்" என்று பாம்பன் முதல் தொண்டி வரை பேசி முடித்துவிடுகிறோம். அந்த 2 கோடியைக் கொடுத்த விநியோகஸ்தர் அப்போதும் நஷ்டத்தில்தான் இருக்கிறார் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. இது எப்படி என்று புரிந்துகொண்டால் வசூல் பேச்சின் பாதித் தவறுகள் தானாக நீங்கிவிடும்.

முதலில் ஏரியா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் திரையரங்கு உரிமை மொத்தமாகவும் விற்கப்படும், பகுதி பகுதியாகவும் விற்கப்படும். அந்தப் பகுதிகளில் ஒன்று மதுரை–ராமநாதபுரம். பழைய மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களின் எல்லைதான் இன்றும் இதன் எல்லை. அதனால் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை எல்லாம் இதற்குள் வருகின்றன. ராமேஸ்வரத்தில் விற்ற டிக்கெட்டும் மதுரை மல்டிபிளெக்ஸில் விற்ற டிக்கெட்டும் கடைசியில் ஒரே தொகையாகத்தான் வெளியே சொல்லப்படும்.

தவறுகளில் பெரியது, வசூலை வருமானம் என்று நினைப்பது. வசூல் என்று அட்டையில் போடுவது கிராஸ், அதாவது கவுண்டரில் ரசிகர் கொடுத்த முழுப் பணம். ஏலத்தில் மீன் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து, டீசலும் ஐஸும் கழியாமல், படகில் போனவருக்கு இவ்வளவு கிடைத்தது என்று கடற்கரையில் யாரும் கணக்குச் சொல்லமாட்டார்கள். சினிமாவில் மட்டும் அதைத்தான் தினமும் செய்கிறோம்.

120 ரூபாய் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. தமிழ்ப் படங்களுக்கு இது 8 சதவீதமாக இருந்து, 2025-இல் 4 சதவீதமாகக் குறைந்தது. இரண்டையும் கழித்தால் 120 ரூபாயில் ஏறத்தாழ 98 ரூபாய் மிஞ்சும். இதை நெட் என்பார்கள். இந்த 98 ரூபாயைத்தான் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் விநியோகஸ்தருக்கு 60 சதவீதம் என்று பேசியிருந்தால் அவர் கைக்கு வருவது 59 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதற்குப் பெயர் ஷேர். பெரிய நடிகரின் படமாக இருந்தால் இந்த விகிதம் கூடும். எந்தப் படமானாலும் இரண்டாம் வாரத்தில் குறையும். எப்படிப் பார்த்தாலும் கிராஸில் பாதிக்குப் பக்கத்தில்தான் விநியோகஸ்தரின் பணம் நிற்கிறது.

இனி ஒரு தியேட்டரின் ஒரு வாரத்தைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, முறை தொழிலில் உள்ளது. கடற்கரை ஊர் ஒன்றில் 500 இருக்கைகள், தினமும் நான்கு காட்சிகள். ஒவ்வொரு நாளும் கடைசிக் காட்சிக்குப் பிறகு, காட்சிவாரியாக எத்தனை டிக்கெட் விற்றது என்று டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் தாள் எழுதப்பட்டு விநியோகஸ்தருக்குப் போகும். வெள்ளி 1,700, சனி 1,500, ஞாயிறு 1,800 டிக்கெட். இந்த மூன்று நாளில் எடுத்த படங்கள்தான் இணையத்தில் வரும்: வாசலில் கூட்டம், மேளம், ஹவுஸ்ஃபுல் பலகை. திங்கள்கிழமைத் தாளில் 450 என்று இருக்கிறது. செவ்வாய் 400, புதன் 350, வியாழன் 300. தொழிலில் இருப்பவர்கள் ஞாயிறை விடத் திங்களைத்தான் முதலில் தேடிப் படிப்பார்கள். ஞாயிறு வந்தவர்கள் நடிகருக்காக வந்திருக்கலாம். திங்கள் வருபவர், பார்த்தவர் சொன்னதைக் கேட்டு வருகிறார். ஞாயிறில் கால் பங்காகத் திங்கள் விழுந்திருக்கிறது என்றால் பேச்சு நன்றாகப் பரவவில்லை என்று பொருள்.

வாரம் முழுவதற்கும் 6,500 டிக்கெட், 7 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கிராஸ். வரி போக 6 லட்சத்து 36 ஆயிரம். அதில் விநியோகஸ்தர் ஷேர் 3 லட்சத்து 81 ஆயிரம்.

ஏரியா முழுவதும் 50 திரைகள், எல்லாவற்றிலும் சராசரியாக இதே அளவு என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரக் கிராஸ் 3.9 கோடி. அட்டையில் போட்ட தொகை பொய்யில்லை. ஷேர் 1 கோடியே 90 லட்சம். விநியோகஸ்தர் 2 கோடிக்கு வாங்கினார். சுவரொட்டி, உள்ளூர் விளம்பரம், பிரதிநிதிகளின் சம்பளம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம் என்று 15 லட்சம் செலவு செய்தார். அவருக்கு முதல் திரும்ப 2 கோடியே 15 லட்சம் ஷேர் வரவேண்டும். "இரட்டிப்பு லாபம்" என்று நாம் பேசும் வெள்ளிக்கிழமையன்று அவர் 25 லட்சம் பின்தங்கி நிற்கிறார்.

மிச்சம் இரண்டாம் வாரத்தின் கையில். நம் தியேட்டரில் அந்த வாரம் 1,400 டிக்கெட் விற்கும், ஷேர் 50 சதவீதம் என்றால் கிடைப்பது 68 ஆயிரத்துச் சொச்சம். 50 திரைகளில் 40 இந்தப் படத்தைத் தொடர்ந்து ஓட்டினால் 27 லட்சம் வரும்; மயிரிழையில் தப்பித்துவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை வேறு பெரிய படம் வந்து பாதித் திரைகளைப் பிடித்துக்கொண்டால் 17 லட்சம்தான் தேறும், நஷ்டம். படம் அதே படம், அதைப் பார்த்தவர்களின் கருத்தும் அதே கருத்து. எத்தனை திரைகள் கையில் நின்றன என்பது முடிவை மாற்றுகிறது. இரண்டாம் வெள்ளிக்கிழமை எந்தப் படம் வருகிறது என்று பார்க்காமல் ஹிட் என்றோ ஃபிளாப் என்றோ சொல்வது என்னைப் பொறுத்தவரை அவசரம்.

நம் ராமநாதபுரம் கரைக்கு உரிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கோடை விடுமுறை என்பதால் படங்கள் வரிசையாக வருவதும் அப்போதுதான். மதுரையில் பிள்ளைகளோடு குடும்பங்கள் தியேட்டருக்குப் போகும் அதே வாரத்தில், மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் கையில் காசு புரளாது. மதுரையின் கூட்டத்தை வைத்துக் கரையை எடைபோடுவதும், கரையின் காலி இருக்கைகளைப் படமெடுத்துப் போட்டு ஏரியாவே விழுந்துவிட்டது என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இணைய முன்பதிவுப் பக்கத்தில் இருக்கைகளை எண்ணி வசூல் சொல்பவர்களும் சிற்றூர்களில் தவறிப்போகிறார்கள். அங்கே பெரும்பகுதி டிக்கெட் கவுண்டரில்தான் விற்கிறது.

அடுத்த தவறு, "பட்ஜெட்டைப் போல இரு மடங்கு வசூலித்தால் ஹிட்" என்ற வாய்ப்பாடு. தயாரிப்பாளரின் முதல் திரும்பும் புள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு படத்துக்கு, கடன் வட்டியும் விளம்பரமும் சேர்த்து 27 கோடி செலவு என்போம். வட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 10 கோடிக் கடனுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால், படம் ஓராண்டு தள்ளிப்போனாலே 2 கோடியே 40 லட்சம் கூடிவிடும். திரையில் ஒரு காட்சிகூட அதனால் கூடாது.

அந்த 27 கோடியில் ஓ.டி.டி., தொலைக்காட்சி, பாடல், இந்தி உரிமைகள் மூலம் 15 கோடி வந்துவிட்டால் தியேட்டரிலிருந்து 12 கோடி ஷேர் போதும். இரண்டு வாரமும் சேர்த்து ஷேர் கிராஸில் 45 சதவீத அளவில் இருக்கும் என்று கொண்டால், தேவையான கிராஸ் சுமார் 27 கோடி. அந்த உரிமைகள் எதுவும் விற்காமல் போனால் அதே படத்துக்கு 60 கோடி கிராஸ் வேண்டும். பட்ஜெட் மாறவில்லை, இலக்கு இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே பட்ஜெட்டை மட்டும் தெரிந்துகொண்டு வசூல் இலக்கைச் சொல்ல முடியாது. உரிமைகள் எவ்வளவுக்குப் போயின என்பதும் தெரியவேண்டும். படம் வெளியான பிறகு பேரம் பேசினால், தியேட்டர் ஓட்டத்தைப் பார்த்தே ஓ.டி.டி. விலை சொல்கிறது என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுக்கும்.

இங்கேதான் ஒரே படம் ஒருவருக்கு ஹிட், இன்னொருவருக்கு நஷ்டம் ஆகிறது. மினிமம் கியாரண்டி முறையில் வாங்கியிருந்தால் 2 கோடி தயாரிப்பாளருடையது. வசூல் குறைந்தால் நஷ்டம் விநியோகஸ்தர் தலையில். அந்தத் தொகைக்கும் செலவுக்கும் கமிஷனுக்கும் மேல் ஷேர் வந்தால், மிகுதியைத் தயாரிப்பாளரோடு பிரித்துக்கொள்வார்கள். அட்வான்ஸ் முறை என்றால், ஷேர் எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையைத் தயாரிப்பாளர் திருப்பித் தரவேண்டும். விநியோகஸ்தர் கமிஷனோடு நின்றுகொள்வார். எந்த முறை என்று தெரியாமல் "விநியோகஸ்தர் செத்தார்" என்று எழுதுவது வெறும் ஊகம். ஒப்பந்தம் கட்டாயப்படுத்தாதபோதும் பணம் திரும்பியதுண்டு. 2002-இல் வெளியான 'பாபா' எதிர்பார்த்தபடி ஓடாதபோது, நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் படத்தின் கணக்கு யாருக்கும் விளங்கியிருக்காது.

தியேட்டர்காரர் கணக்கு இன்னும் வேறு. நம் உதாரணத்தில் முதல் வாரம் அவர் பங்கு இரண்டரை லட்சம். சைக்கிள் ஸ்டாண்டும் கேன்டீனும் அதற்கு மேல். மின்கட்டணமும் சம்பளமும் போக அவருக்கு அந்த வாரம் பழுதில்லை. ஆனால் படத்தைப் பிடிக்கப் பெரிய தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தால், அவரும் விநியோகஸ்தரைப் போலவே இரண்டாம் வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

வெளியில் இருக்கும் நமக்கு டி.சி.ஆர். கிடைக்காது, ஒப்பந்தமும் தெரியாது. பார்க்கக்கூடியவை சில உண்டு. முதல் திங்கள்கிழமை மாலைக் காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள். இரண்டாம் வெள்ளிக்கிழமை நம் ஊர்த் தியேட்டரில் அந்தப் படம் நான்கு காட்சி ஓடுகிறதா, மதியக் காட்சிக்குத் தள்ளப்பட்டதா என்று பாருங்கள். சில மாதம் கழித்து அதே நடிகரின் அடுத்த படத்துக்கு மதுரை–ராமநாதபுரம் ஏரியா என்ன விலை போகிறது, பழைய விநியோகஸ்தரே வாங்குகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். சென்ற படத்தில் சம்பாதித்தவர் விலை கூட்டிக் கேட்டாலும் வாங்குவார். இழந்தவர் அட்வான்ஸ் முறைக்குக்கூடத் தயங்குவார்.