கானல்வரிக்கு யார் உரை?

மண்டபம் கடற்கரைப் பாடல்கள் பற்றிய கட்டுரையைத் தம்பி ஒருவர் சரிபார்க்கத் தந்தார். அதில் சிலப்பதிகாரக் கானல்வரியின் 'திங்கள் மாலை வெண்குடையான்' பாட்டுக்கு, 'அடியார்க்கு நல்லார் உரை, உ.வே.சா., 1892' என்று அடிக்குறிப்பு. ஆனால் கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லையே!

குழப்பம் உ.வே.சா. பதிப்பின் தலைப்பிலேயே இருக்கிறது: 'மூலமும் அரும்பதவுரையும் அடியார்க்கு நல்லாருரையும்'. இரண்டு உரையும் எல்லாக் காதைக்கும் இருக்கும் என்றுதான் தோன்றும். தம்பி எடுத்திருந்த விளக்கம் அரும்பதவுரை. அதை எழுதியவர் பெயர் தெரியாது. 'அரும்பதவுரையாசிரியர்' என்றே குறிப்போம்.

அடிக்குறிப்பை இப்படி மாற்றினேன்: 'சிலப்பதிகாரம், புகார்க்காண்டம், கானல்வரி, "திங்கள் மாலை" எனத் தொடங்கும் பாட்டு, அரும்பதவுரை, பதிப்பாசிரியர் உ.வே.சாமிநாதையர், சென்னை, 1892.'

பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், அதனால்தான் பாட்டின் தொடக்கச் சொற்களைக் கொடுத்தேன். ஆண்டையும் கையிலுள்ள பிரதியின் முகப்பில் பார்த்தே போடச் சொன்னேன். மறுபதிப்பென்றால் பக்க எண் ஒத்துவராது.